‘டியர் எஸ்’ என்று தொடங்கிய கடிதங்கள்

மதியச் சாப்பாட்டு இடைவேளையில் ஏழாவது கடிதம் வந்தது. அதுவும் ‘டியர் எஸ்’ என்றுதான் தொடங்கியது.

ஆய்வகத்துக்கு வெளியே, இரும்பு லாக்கர்கள் வரிசையாக நிற்கும் நடைபாதையில், ஒரு கையில் டப்பாவும் மறு கையில் போனுமாக நின்று அவள் அதைப் படித்தாள். தண்ணீர் பரிசோதனைக் கூடத்தின் கிருமிப் பிரிவில் பதினான்கு வருட அனுபவம். அந்த அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பது விதி. அதனால் உலகம் அவளிடம் சொல்ல நினைப்பதெல்லாம் இந்த லாக்கருக்குள் வந்து காத்துக் கிடக்கும். பன்னிரண்டரைக்குத் திறந்து பார்த்தால் கொத்தாக விழும்.

“என்னடி, யாரு அந்த எஸ்ஸு? உன் தங்கச்சியா?” என்று தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக் கேட்டாள் பக்கத்து மேசைத் தோழி. அவளுக்கு ஆய்வகத்தில் ‘அலாரம்’ என்று பெயர். கிருமி வளரும் எந்தத் தட்டை எத்தனை மணிக்கு இன்குபேட்டரிலிருந்து எடுக்க வேண்டும் என்பதைக் கடிகாரம் பார்க்காமலே சொல்லிவிடுவாள்.

“எங்க தாத்தா,” என்றாள் இவள்.

“செத்துப் போனவருக்கா இன்டர்வியூ?”

“அவருக்கும் இல்ல. ‘உங்கள் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க இயலவில்லை’யாம். தாத்தாவையே வேண்டாம்னுட்டாங்க.”

அலாரம் சிரித்தாள். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த மாதக் கடைசியில் இந்தக் கூடத்தை மூடப்போகிறார்கள். இதை விலைக்கு வாங்கிய பெரிய நிறுவனம் எல்லாப் பரிசோதனைகளையும் தன் தலைமைக் கூடத்துக்கே இழுத்துக்கொள்கிறது. அலாரத்துக்கு அங்கே இடம் கிடைத்துவிட்டது. அவளால் வீட்டை மாற்ற முடியும். இவளால் முடியாது. கணவருக்கு பஸ் டிப்போவில் மெக்கானிக் வேலை, மகளுக்குப் பள்ளி இறுதி ஆண்டு, லிஃப்ட் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்று, முழங்கால் வலியோடு கூடவே இருக்கும் அப்பா. இதே ஊரில் இதே வேலை வேண்டும். அப்படி ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது: மருந்துக் கம்பெனி ஒன்றின் தண்ணீர் ஆய்வுப் பிரிவில். ஆளெடுக்கும் பொறுப்பு ஓர் ஏஜென்சியிடம். அந்த வேலைக்கு மட்டும் அவள் இன்னும் விண்ணப்பிக்கவில்லை.

அவள் பெயர் ரொம்ப நீளம் ஒன்றும் இல்லை. நடுவில் ஒரு ழ இருக்கிறது, அவ்வளவுதான். அதை யாராவது ‘ல’ என்றோ ‘ள’ என்றோ சொல்லிவிட்டால் நின்று திருத்திவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பாள். அந்தப் பிடிவாதத்துக்கு ஆய்வகம் வைத்த பட்டம் ‘ழகரம்’. பெயருக்கு முன்னால் இரண்டு இனிஷியல்: எஸ் தாத்தாவுடையது, எம் அப்பாவுடையது. குடும்பப் பெயர் என்று எதுவும் கிடையாது. அவள் வீட்டில் யாருக்கும் கிடையாது. நாற்பத்தொரு வருடமாக அது ஒரு குறையாக அவளுக்குப் பட்டதே இல்லை.

மின்னஞ்சலின் அடியில் இருக்கும் கையெழுத்துப் பகுதியில், கல்லூரிச் சான்றிதழில் உள்ளபடியே எஸ், புள்ளி, எம், புள்ளி, பிறகு பெயர் என்று எழுதி வைத்திருந்தாள். ஆளெடுப்பவர்களின் மென்பொருள் இடப்பக்கம் முதலில் இருப்பதை முதற்பெயர் என்று எடுத்துக்கொள்கிறது. முதலில் இருந்தது எஸ். ஆகவே ‘டியர் எஸ்’. இயந்திரத்துக்கு வேறு வழி தெரியவில்லை. ஆனால் அந்தக் கடிதங்களுக்கு அடியில் பெயர் போட்டிருந்த மனிதர்களுக்கும் தெரியவில்லையே என்பதுதான் எரிச்சல்.

“ஒரு எழுத்தையா ஒரு ஆளுக்குப் பேரா வைப்பாங்க? யோசிக்க மாட்டாங்க?” என்றாள்.

“யோசிக்கிறதுக்கா அவங்களுக்குச் சம்பளம்? ஒரு நாளைக்கு இருநூறு பேரைத் தள்ளிவிடுறதுக்கு. நீ இனிஷியலைப் பின்னாடி போடு,” என்றாள் அலாரம்.

பின்னால் போட்டாள். அடுத்த கடிதம் ‘டியர் மிஸ். எம்’ என்று வந்தது. தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கு மாறியதைத் தவிர முன்னேற்றம் இல்லை.

மருந்துக் கம்பெனி வேலைக்கான விண்ணப்பத்தை ஒரு சனிக்கிழமை மாலை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நிரப்பினாள். கணவர் எதிரே உட்கார்ந்து, நகக்கண்ணில் ஏறிய கிரீஸைப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். முதற்பெயர் என்ற கட்டத்தில் தன் பெயரைப் போட்டாள். கடைசிப் பெயர் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டாள். கட்டம் சிவந்தது: இதை நிரப்பாமல் மேலே செல்ல முடியாது. எம் என்று போட்டாள். மறுபடி சிவப்பு: குறைந்தது இரண்டு எழுத்துகள் வேண்டும்.

“எஸ்ஸையும் எம்மையும் சேத்துப் போட்டுடு. ரெண்டு ஆச்சுல்ல?” என்றார் கணவர்.

“அப்புறம் மிஸ். எஸ்ஸெம்னு வரும். ஏதோ குறுஞ்செய்தி மாதிரி.”

“அப்ப மாமா பேரை முழுசா போடு. என்ன இப்போ? பொய்யா? எம்முக்கு விரிவு அதுதானே.”

அவர் சொன்னதில் தப்பில்லைதான். அப்பாவின் பெயரை முழுதாக அடித்தாள். கட்டம் அமைதியானது. எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று கையெழுத்துப் பகுதியிலும் அதையே போட்டாள்: தன் பெயர், பக்கத்தில் அப்பாவின் பெயர். விண்ணப்பத்தில் இன்னும் ஒரு கட்டம் இருந்தது. உங்களைத் தொடர்புகொள்ள முடியாதபோது அழைக்க வேறொரு எண். பகல் முழுக்கத் தன் போன் லாக்கரில் கிடக்கும். கணவர் வண்டிக்கு அடியில் கிடப்பார். மகள் வகுப்பில். வீட்டில் இருப்பது அப்பா ஒருவர்தான். அவர் எண்ணைக் கொடுத்தாள்.

அதைக் கொடுத்தபோது, எந்தப் பெயரோடு அந்த எண் போய்ச் சேருகிறது என்று அவள் யோசிக்கவில்லை. யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

புதன்கிழமை பன்னிரண்டரைக்கு லாக்கரைத் திறந்தாள். ஏஜென்சியிலிருந்து தவறிய அழைப்பு ஒன்று. அதற்கு இருபது நிமிடம் கழித்து ஒரு கடிதம். ‘டியர் மிஸ்டர்’ என்று தொடங்கி அப்பாவின் பெயர். கீழே நான்கே வரி. இன்று தொலைபேசியில் பேசியதற்கு நன்றி. ஓய்வுபெற்று ஆறு வருடங்கள் ஆகிவிட்டதாகவும் புதிய பொறுப்பில் ஆர்வமில்லை என்றும் தாங்கள் தெரிவித்ததைக் குறித்துக்கொண்டோம். தங்கள் விண்ணப்பத்தை முடித்துவைக்கிறோம். தங்கள் முழங்கால் விரைவில் குணமடைய வாழ்த்துகள்.

அவள் கடைசி வரியை மூன்று முறை படித்தாள். பிறகு அப்பாவுக்குப் போன் போட்டாள்.

“அப்பா, காலைல யாராச்சும் போன் பண்ணாங்களா?”

“ஆமா பாப்பா. ஒரு பொண்ணு. இங்கிலீஷ்ல ரொம்ப மரியாதையா பேசிச்சு.”

“என்ன கேட்டா?”

“என் பேரைச் சொல்லி, நீங்கதானான்னு கேட்டுச்சு. நான்தானே? ஆமான்னேன்.”

“அப்பா...”

“இல்லைன்னா சொல்லச் சொல்றே? அறுபத்தாறு வருஷமா என் பேரு அது.”

“சரி, அப்புறம்?”

“வேலை மாற விருப்பமா இருக்கீங்களான்னு கேட்டுச்சு. இந்த வயசுல எங்கம்மா, ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆச்சுன்னேன். அனுபவம் எத்தனை வருஷம்னு கேட்டுச்சு. முப்பத்தெட்டு வருஷம் லிஃப்ட்டுக்குள்ளேயே இருந்தேன்னு சொன்னேன். ஓ, அப்படியான்னுச்சு.”

“லிஃப்ட்னு கேட்டதும் அவளுக்குச் சந்தேகம் வரலையா?”

“எனக்கு எப்படித் தெரியும்? முழங்கால் வலி இருக்கு, இனிமே படி ஏற முடியாதுன்னேன். உடம்பைப் பாத்துக்கோங்கன்னு சொல்லிச்சு. நல்ல பொண்ணு பாப்பா. குடும்பத்துப் பொண்ணு மாதிரி இருந்திச்சு.”

அவள் லாக்கர் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டாள். இரும்பு சில்லென்று இருந்தது.

“அது எனக்கு வந்த போன்ப்பா.”

“உனக்கு வந்த போனுக்கு என் பேரை எதுக்குச் சொல்றாங்க?”

“நான்தான் குடுத்தேன்.”

“என் பேரையா? உன் பேருக்கு என்ன வந்துச்சு?”

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இடைவேளையில் நேரமில்லை. கோபத்தில் ஏதோ சொல்லிவிட்டாள். யாரு என்னன்னு கேக்காம வாயைத் திறப்பீங்களா என்பதுபோல. அந்தப் பக்கம் அப்பா, “சரிம்மா” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். பாப்பா என்ற சொல் விழுந்துபோய் அம்மா வந்திருந்தது. அவருக்கு உறைத்துவிட்டது என்பதற்கு அது அடையாளம்.

ஏஜென்சிக்கு உடனே கூப்பிட்டாள். பதிவுசெய்த குரல் ஒன்று விண்ணப்ப எண்ணைக் கேட்டது, அடித்தாள், இந்த விண்ணப்பம் முடித்துவைக்கப்பட்டது என்று சொல்லித் தானும் முடித்துக்கொண்டது. இடைவேளையும் முடிந்தது.

பிற்பகலில் மாதிரிகள் ஏற்றிவரும் வேன் ஓட்டுநர் ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ழகரம் ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து, ஒட்டியிருந்த சீட்டைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். எந்தக் குழாய், எத்தனை மணிக்கு எடுத்தது, எடுத்தவர் யார். ஒன்பதாவது பாட்டிலில் எடுத்த இடம் என்ற கோட்டுக்கு மேல் ‘தொட்டி’ என்று மட்டும் இருந்தது.

“எந்தத் தொட்டி?”

“அந்தப் பள்ளிக்கூடத்துத் தொட்டிதான் அக்கா. எல்லாருக்கும் தெரியுமே.”

“அங்க மேல ஒண்ணு, கீழ ஒண்ணு இருக்கு. எனக்கு எது தெரியும்?”

“தண்ணி ஒண்ணுதானே அக்கா? இதுக்காக மறுபடி முப்பது கிலோமீட்டர் போகச் சொல்றீங்களே, மனசாட்சி இருக்கா?”

“எழுதாதது உங்க தப்பு. நானா ஊகிச்சு எழுதினா அது என் தப்பு ஆயிடும்,” என்று சொல்லி அவள் பாட்டிலைத் தனியாக எடுத்து வைத்தாள்.

சொல்லிவிட்டு, கையுறையைக் கழற்றாமலே ஒரு நிமிடம் நின்றாள். பதினான்கு வருடத்தில் எத்தனை பாட்டில்களைத் திருப்பியிருக்கிறாள்! ஒரு தடவைகூட ஓட்டுநருக்குத் தெரிந்தது தனக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்ததில்லை. அதே ஓட்டுநரைப் போலத்தான் அவளும் நடந்துகொண்டிருந்தாள். எஸ் யார், எம் யார், எதைச் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று எந்தச் சீட்டிலும் எழுதவில்லை. எழுத்துகளை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருந்தாளே தவிர, அவை என்ன என்று ஒரு வரி சொல்லவில்லை. நம்ம ஊரில் எல்லோருக்கும் தெரியும் என்பது, நம்ம ஊரைத் தாண்டிய ஒருத்திக்குப் பயன்படாது.

அதற்காக எரிச்சல் அடங்கிவிடவில்லை. அறுபத்தாறு வயதுக்காரரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம், விண்ணப்பத்தில் பிறந்த தேதி வேறு இருக்கிறது என்பதைப் பார்க்காதவளை என்ன சொல்வது?

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அதே மேசையில் மடிக்கணினியை விரித்தாள். அப்பா ஹாலில் டிவிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். டிவி ஓடவில்லை. அவள் அவருக்கு டீ கொடுத்தாள், அவர் இருண்ட திரையைப் பார்த்தபடியே வாங்கிக்கொண்டார்.

கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். “ஒரு கம்ப்ளெயின்ட் லெட்டர் எழுதிடு. காரமா.”

“காரமா எழுதினா அதையும் அப்பாவுக்குத்தான் பதில் போடுவாங்க. இருங்க.”

கையெழுத்துப் பகுதியில் இருந்த எல்லாவற்றையும் அழித்தாள். முதல் வரியில் பெயர் மட்டும், தடித்த எழுத்தில். முன்னாலும் பின்னாலும் எதுவும் இல்லை. ழகரத்துக்கு இசட், எச். அதைச் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் எழுதி வருகிறாள், சான்றிதழிலும் அப்படித்தான். இரண்டாவது வரிக்குத்தான் நேரம் பிடித்தது.

“‘என்னை மிஸ்’னு போட்டு உன் பேரைப் போட்டு, ‘என்று அழைக்கவும்’னு போடு,” என்றார் கணவர்.

“சினிமா போஸ்டர் மாதிரி இருக்காது?”

“மிஸ்டர்னு வர்றதுக்கு போஸ்டர் பரவாயில்ல.”

போட்டாள். மூன்றாவது வரி: சான்றிதழ்களிலும் அடையாள அட்டையிலும் பெயர் எஸ். எம். என்ற எழுத்துகளோடு இருக்கும். அவை தாத்தா, அப்பா பெயர்களின் முதலெழுத்துகள். எனக்குக் குடும்பப் பெயர் இல்லை. அதற்கு அடியில் தன் போன் எண், பேசக்கூடிய நேரம் பன்னிரண்டரை முதல் ஒன்று வரை. அப்பாவின் எண்ணை எடுத்துவிட்டாள்.

“நாலு வரியா? படிப்பாங்களா?”

“ரெண்டாவது வரி வரைக்கும் படிச்சா போதும். மூணாவது, பின்னாடி சான்றிதழைப் பாத்து இது வேற ஆளோன்னு திகைக்கிறவங்களுக்கு.”

பிறகுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. கடிதத்தைப் பெறுபவருக்கு அனுப்புநர் இடத்தில் தெரியும் பெயர் தனி. அது இன்னும் பழையபடி எஸ்ஸோடுதான் தொடங்கியது. பல வருடம் முன்னால் கணக்கைத் தொடங்கியபோது போட்டது. கையெழுத்தில் என்ன எழுதினாலும், கடிதத்தைத் திறக்கும் முன்னே அதைத்தான் பார்க்கிறார்கள். அதையும் மாற்றினாள். தன்விவரத் தாளின் தலைப்பை மாற்றினாள். அந்தக் கோப்பின் பெயரை மாற்றினாள். ஒவ்வொரு மூலையிலும் தாத்தா ஒளிந்திருந்தார்.

ஏஜென்சிப் பெண்ணுக்கு நேரடியாக ஒரு கடிதம் எழுதினாள். காரம் இல்லாமல். இன்று நீங்கள் பேசியது என் அப்பாவிடம். விண்ணப்பத்தில் கடைசிப் பெயர் கட்டாயம் என்பதால் அவர் பெயரை எழுத வேண்டியதாயிற்று. விண்ணப்பித்தவள் நான். வயது நாற்பத்தொன்று, முழங்கால்கள் நன்றாக இருக்கின்றன, வேலை வேண்டும்.

கணவர் கடைசி வரியைப் படித்துவிட்டு, “இது காரம் இல்லையா?” என்றார்.

“உப்பு,” என்று சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் பன்னிரண்டரைக்கு லாக்கரில் ஒரே வரிப் பதில் கிடந்தது: உங்கள் முழுப் பெயரை மீண்டும் உறுதிசெய்ய முடியுமா? டப்பாவைத் திறக்காமல், நின்ற இடத்திலேயே போனில் பதில் அடித்து அனுப்பினாள். அனுப்பிய பிறகு கீழே பார்த்தாள். எஸ், புள்ளி, எம், புள்ளி. மாற்றியதெல்லாம் வீட்டு மடிக்கணினியில். போனில் இருக்கும் அஞ்சல் செயலிக்கு அதன் சொந்தக் கையெழுத்து. அது பழையதையே பிடித்துக்கொண்டிருந்தது.

“கொல்லுங்க என்னை,” என்றாள் லாக்கரைப் பார்த்து.

“சாப்பிட்டுட்டுச் சாவு. ரெண்டு மணிக்குத் தட்டு எடுக்கணும்,” என்றாள் அலாரம்.

போனிலும் மாற்றினாள், இரண்டாவது பதிலை அனுப்பினாள், முந்தையதைப் பொருட்படுத்த வேண்டாம் என்று சேர்த்துக்கொண்டாள். தன் பெயரைப் பொருட்படுத்த வேண்டாம் என்று தானே எழுதுகிறோமே என்று ஒரு கணம் வெறுத்துப்போயிற்று.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு நாற்பதுக்குப் போன் அடித்தது. அப்பா சொன்னது பொய்யில்லை, மரியாதையான குரல். மிஸ் போட்டு அவள் பெயரைச் சொன்னது, ழவை ல ஆக்கி.

“மன்னிக்கணும். உங்க அப்பா ரொம்ப நல்லா பேசினார். லிஃப்ட்னு சொன்னப்ப, ஏதோ ஆய்வகக் கருவின்னு நினைச்சுட்டேன்,” என்றாள் அந்தப் பெண் ஆங்கிலத்தில்.

“விண்ணப்பத்தில் பிறந்த தேதி இருக்கே?”

“அது என் திரையில் வராது. எனக்கு வர்றது ரெண்டு பேர், ரெண்டு எண்தான்.” பிறகு சொன்னாள், “விண்ணப்பத்தை மறுபடி திறந்துட்டேன். அழைக்கும் பெயர்னு ஒரு கட்டம் இருக்கு, உங்க பெயரை அதுல போட்டுட்டேன். அடுத்த வியாழக்கிழமை நேர்காணல். முடியுமா?”

முடியும் என்றாள். ழவைத் திருத்தவில்லை. வேலை கிடைக்கும் வரை ல என்றே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தது அவள் வாழ்நாளில் அதுவே முதல் முறை.

நேர்காணல் ஒழுங்காக நடந்தது. தண்ணீரைப் பற்றிக் கேட்டார்கள், தண்ணீரைப் பற்றிச் சொன்னாள். ஊசி மருந்துக்கான தண்ணீருக்கும் குடிதண்ணீருக்கும் கிருமி எண்ணிக்கை வரம்பு எப்படி மாறும் என்று கேட்டபோது, கேட்டவரே குறிப்பெடுக்கும் அளவுக்குச் சொன்னாள். பெயரைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. அன்று மாலை வீட்டுக்கு வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, “நல்லா போச்சுப்பா,” என்றாள். அவர், “போனை எடுக்காம இருந்தா எல்லாம் நல்லாத்தான் போகும்,” என்றார். ஒரு வாரத்துக்கு அப்புறம் அவர் அவளிடம் பேசிய முதல் முழு வாக்கியம்.

வேலைக் கடிதம் அடுத்த செவ்வாய்க்கிழமை வந்தது. அன்று அவள் பாதி நாள் விடுப்பில் வீட்டில் இருந்தாள். ‘டியர்’ போட்டு அவள் பெயர், இசட் எச்சோடு, சரியாக. அவள் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தே விட்டாள். அப்புறம் இணைப்பைத் திறந்தாள். நிரந்தர வேலை, பகல் நேரம் மட்டும். உச்சியில், ‘பணியமர்த்தப்படுபவர்’ என்ற இடத்தில், அவள் பெயரும் அதை ஒட்டி அப்பாவின் முழுப் பெயரும். இன்று மாலை ஐந்து மணிக்குள் கையெழுத்திட வேண்டும், இல்லாவிட்டால் இந்த அழைப்பு காலாவதியாகும்.

டிப்போவுக்குப் போன் போட்டாள். பின்னால் எஞ்சின் உறுமியது.

“போட்டுடு!” என்று கத்தினார் கணவர். “முதல்ல போட்டுடு. பேரை அப்புறம் மாத்திக்கலாம்!”

“சான்றிதழ்ல எஸ். எம். இருக்கு. அடையாள அட்டைல எஸ். எம். இருக்கு. சேர்றதுக்கு முன்னாடி சரிபார்ப்பாங்க. அப்ப இது வேற ஆளுன்னா?”

“அப்பப் பாத்துக்கலாம். மணி ரெண்டரை ஆச்சு. உன்னை மாதிரி இன்னும் ரெண்டு பேரு லைன்ல நிப்பாங்க. ஒரு பேருக்காக...”

“ஒரு பேருக்காக இல்ல. என் பேருக்காக.”

எஞ்சின் நின்றது. “சரி. உனக்குத் தெரியும்,” என்றார். அவர் அப்படிச் சொன்னால், தனக்குச் சம்மதமில்லை, ஆனால் சண்டைக்கும் நேரமில்லை என்று பொருள்.

அவள் கையெழுத்திடவில்லை. திருப்பி எழுதினாள்: சான்றிதழில் உள்ளபடி எஸ். எம். சேர்த்து என் பெயர் மட்டும் வேண்டும், அப்பாவின் முழுப் பெயர் வேண்டாம். அனுப்பிவிட்டு அறைக்கும் சமையலறைக்குமாக நடந்தாள். வேலை கையைவிட்டுப் போனால் இதை யாரிடம் சொல்லி அழுவது? பெயர் சரியில்லை என்று வேலையை விட்டேன் என்றால் பைத்தியம் என்பார்கள். அப்பா ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

நான்கு இருபதுக்குத் திருத்திய கடிதம் வந்தது. கடைசிப் பெயர் போய்விட்டது. எஸ் இருந்தது, எம் இருந்தது, புள்ளிகள் இருந்தன. பெயரில் இசட் எச் இருந்த இடத்தில் ஒரே ஓர் எல்.

அவள் வாய்விட்டு ஒரு சொல் சொன்னாள். மகள் வீட்டில் இல்லாதது நல்லதாயிற்று.

இன்னொரு கடிதம் எழுதிக்கொண்டிராமல் தானே கூப்பிட்டாள். இந்த முறை பதிவுசெய்த குரல் இல்லை. அந்தப் பெண்ணின் நேரடி எண் இப்போது அவளிடம் இருந்தது.

“இப்ப என்ன?” என்றாள் அந்தப் பெண். மரியாதை கொஞ்சம் கழன்றிருந்தது. “கையால அடிச்சேன், நீங்க சொன்னதைத்தான் அடிச்சேன்.”

“நான் எழுதினதை இல்ல, நீங்க வாயால சொல்றதை அடிச்சிருக்கீங்க. என் கடிதத்துக்கு அடியில் இருக்கே, அங்கிருந்து நகல் எடுத்து ஒட்டுங்க.”

“நான் இப்போ வேற அமைப்பில் இருக்கேன், அங்க உங்க கடிதம் தெரியாது. எழுத்து எழுத்தா சொல்லுங்க. சீக்கிரம், எனக்கும் ஐந்து மணிதான் கெடு.”

சொன்னாள். நடுவில் வந்தபோது, “இசட்” என்றாள்.

“சி?”

“இசட். அகரவரிசையின் கடைசி எழுத்து.”

“அப்புறம் எல்?”

“எல் இல்ல. எச். இசட், எச். ரெண்டும் சேர்ந்துதான் அந்த எழுத்து. உங்க மொழியில அது இல்ல. எங்க மொழியில அதை எடுத்துட்டா நான் இல்ல.”

அந்தப் பக்கம் விசைகள் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. “இசட், எச்,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள் அந்தப் பெண். “சரி. மறுபடி அனுப்புறேன். தயவுசெஞ்சு இதுல கையெழுத்துப் போட்டுடுங்க.”

நான்கு ஐம்பத்தொன்றுக்கு வந்தது. அவள் கண்ணால் படிக்கவில்லை. திரையில் விரலை வைத்து, ஓர் எழுத்து, அடுத்த எழுத்து என்று நகர்த்திப் பார்த்தாள். எஸ். எம். பிறகு முழுதும். கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம்: மேலே உள்ளபடி உங்கள் பெயரை அடித்துக் கையெழுத்திடவும். அடித்தாள். கட்டம் சிவந்தது. இரண்டு எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விட மறந்திருந்தாள். விட்டு அடித்தாள். ஏற்றுக்கொண்டது.

மணி நான்கு ஐம்பத்து நான்கு.

சமையலறை வாசலில் அப்பா நின்றிருந்தார். “என்ன பாப்பா, என் பேரை எடுத்துட்டாங்களா?”

“எடுத்துட்டாங்கப்பா. எம் மட்டும் இருக்கு.”

“அது போதும்,” என்றார் அவர். பிறகு கொஞ்சம் யோசித்து, “முன்னாடிதானே இருக்கு?” என்று கேட்டார்.

“முன்னாடிதான்,” என்றாள். மடிக்கணினியை மூடிவிட்டு உள்ளங்கைகளால் கண்களை அழுத்திக்கொண்டாள். வியாழக்கிழமைக்குள் சரிபார்ப்புப் படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும் என்று அந்தக் கடிதத்தின் அடியில் எழுதியிருந்தது. அதில் எத்தனை கட்டங்கள் இருக்கும் என்று இப்போதைக்கு அவள் பார்க்க விரும்பவில்லை.